குடும்பத்தில் ஓடும் கொலஸ்ட்ரால்: ஒரு பிரதி, இரண்டு பிரதி, உறவினர் பரிசோதனை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எனக்கு 34 வயது. ஒல்லியான உடம்பு, சிகரெட், மது எதுவும் கிடையாது. எல்டிஎல் 240 என்று வந்திருக்கிறது. நான் எங்கே தவறு செய்தேன்?

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது கல்லீரல் செல்களின் மேல் இருக்கும் எல்டிஎல் ஏற்பிகள். அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக நமக்கு வருகிறது. அதில் ஒன்று பழுதாக வந்திருந்தால் வேலை செய்யும் ஏற்பிகள் பாதிதான் இருக்கும். மற்றவர்களுக்கு இரண்டரை நாளில் ரத்தத்தை விட்டு வெளியேறும் எல்டிஎல் துகள், இவர்களுக்கு நாலரை நாள் சுற்றிக்கொண்டிருக்கும். பிறந்த நாளிலிருந்தே இதுதான் நிலை. உணவைக் கட்டுப்படுத்தினால் 240 என்பது 215 ஆகலாம், 100 ஆகாது.

இதற்குக் குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் என்று பெயர். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 500 பேர் பந்தியில் உட்காரும் ஒரு கல்யாணத்தில் சராசரியாக இரண்டு பேர். பெரும்பாலும் அவர்களுக்கே அது தெரியாது.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், சிறுநீரில் புரதம் போனாலும், பித்தக்குழாய் அடைத்திருந்தாலும் எல்டிஎல் இப்படி ஏறும். இவை மூன்றையும் விலக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் 190-க்கு மேல் நின்றால் உங்கள் குதிகாலைக் கவனியுங்கள். குதிகாலுக்கு மேலே கயிறுபோல் ஏறும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். மெல்லியதாக, இருபுறமும் ஓரம் தெளிவாகத் தெரிந்தால் அது இயல்பு. தடித்து, நடுவில் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் அங்கே கொலஸ்ட்ரால் படிந்திருக்கக்கூடும். அது தெரிந்தால் நோயின் மீதான சந்தேகம் மிக வலுவாகிவிடும். தெரியாததால் நோய் இல்லை என்று ஆகாது. ஒரு பிரதி பழுதான பலருக்கு, அதிலும் இளம் வயதில், இது தோன்றுவதே இல்லை.

இதை ஓங்குத்தன்மை நோய் என்று ஒரு டாக்டர் சொன்னார், இன்னொருவர் அரை ஓங்குத்தன்மை என்கிறார். எது சரி?

பள்ளியில் படித்த அந்திமந்தாரைப் பூவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிவப்புச் செடியையும் வெள்ளைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறையில் சிவப்பு வராது, இளஞ்சிவப்புதான் வரும். சிவப்பு மரபணு ஒன்று இருந்தால் ஓரளவு நிறம், இரண்டு இருந்தால் முழு நிறம். நம் கொலஸ்ட்ரால் கணக்கும் அப்படித்தான்.

முழு ஓங்குத்தன்மை என்றால் ஒரு பழுதான பிரதியே நோயை முழுதாகக் கொண்டுவந்துவிடும், இரண்டாவது வந்தாலும் பெரிதாக எதுவும் மாறாது. ஹன்டிங்டன் நோய் ஏறக்குறைய இப்படிப்பட்டது. ஒடுங்குத்தன்மை என்றால் ஒரு பிரதி பழுதானவர் நலமாக இருப்பார், இரண்டும் பழுதானால்தான் நோய். தலசீமியாவில் நாம் பார்ப்பது இதுதான். குடும்பவழிக் கொலஸ்ட்ரால் இந்த இரண்டு பெட்டியிலும் அடங்குவதில்லை. ஒரு பிரதி பழுதானாலே நோய் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்துவிடுகிறது. இரண்டு பிரதியும் பழுதானால் அதே நோய் பல மடங்கு கடுமையாகி, பிள்ளைப் பருவத்திலேயே இதயத்தைத் தாக்குகிறது.

முதலாமவர் ஓங்குத்தன்மை என்று சொன்னதும் தவறில்லை. ஒரு பிரதியே போதும் என்பதை அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. இரண்டாவது பிரதி என்ன செய்யும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பாதி விஷயம்தான் அதிகம் தேவைப்படுகிறது என்பதால், நான் எப்போதும் அரை ஓங்குத்தன்மை என்றே சொல்கிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1960-களில் பெய்ரூட்டில் கச்சதூரியன் என்ற மருத்துவர், நெருங்கிய உறவுக்குள் மணம் செய்த லெபனான் குடும்பங்களில் ஒவ்வொருவருடைய கொலஸ்ட்ராலையும் அளந்தார். இயல்பானவர்கள், அவர்களைவிட அதிகம் உள்ளவர்கள், மிக மிக அதிகம் உள்ள குழந்தைகள் என்று மூன்று தனித்தனிக் கூட்டங்கள் தெரிந்தன. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் இருவரும் நடுக் கூட்டத்தில் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து அமெரிக்காவின் டல்லஸில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்து, குறைவது எல்டிஎல் ஏற்பிதான் என்று காட்டினார்கள். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாதி ஏற்பி போனால் எல்டிஎல் இரண்டு மடங்கு ஆகிறது, சரி. முழுதும் போனால் ஆறு மடங்கு ஏன் ஆகிறது? கணக்கு இடிக்கிறதே?

ஏற்பிக்கு ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு இடிக்கத்தான் செய்யும். அதற்கு இரண்டு வேலை.

முதலில் வெளியேற்றம். இயல்பான ஒருவரின் ரத்தத்தில் உள்ள எல்டிஎல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 45 சதவீதம் வெளியேறுகிறது. ஒரு பிரதி பழுதானவருக்கு ஏறக்குறைய 29, இரண்டும் பழுதானவருக்கு ஏறக்குறைய 18. ஏற்பியே இல்லாதபோதும் 18 சதவீதம் எப்படி வெளியேறுகிறது என்றால், ஏற்பி தேவைப்படாத, மெதுவான வேறு வழிகளும் உடம்பில் உண்டு. இதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 100 இருந்த இடத்தில் முதலாமவருக்கு 155, இரண்டாமவருக்கு 250 வர வேண்டும். உண்மையில் பார்ப்பதோ 200-க்கு மேலும், 500, 600, சில சமயம் 1000 வரையும்.

மீதியை விளக்குவது உற்பத்தி. கல்லீரல் பெரும்பாலும் எல்டிஎல்லை நேராக அனுப்புவதில்லை. விஎல்டிஎல் என்ற பெரிய துகளை அனுப்புகிறது, அது வழியில் கொழுப்பை இறக்கி இறக்கிச் சிறுத்து, ஐடிஎல் என்ற இடைநிலைக்கு வருகிறது. அந்த ஐடிஎல்லில் கணிசமான பங்கைக் கல்லீரல் இதே ஏற்பியால் பிடித்துவிடும். தப்பியதுதான் எல்டிஎல் ஆகிறது. ஏற்பி இல்லாதபோது ஐடிஎல் எல்லாம் தப்பிவிடுகிறது, எல்டிஎல் உற்பத்தியே ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வடிகாலும் அடைத்து, மேலிருந்து வரும் தண்ணீரும் கூடினால் தொட்டி எப்படி நிரம்புமோ அப்படி. இரண்டரை மடங்கை இரண்டால் பெருக்கினால் ஐந்து மடங்கு. மிச்சம் இருக்கும் ஏற்பி எவ்வளவு என்பதைப் பொறுத்து அதற்கு மேலும் ஏறும்.

ஏனெனில் பழுது எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில பழுதுகளில் ஏற்பியே உருவாகாது. சிலவற்றில் கால்வாசி வரை வேலை நடக்கும். இரண்டு பிரதியும் பழுதான இரண்டு குழந்தைகளில் ஒருவருக்கு 450-ம் இன்னொருவருக்கு 850-ம் இருக்கலாம். ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும் அப்போபி புரதத்தில் பழுது இருந்தாலும், ஏற்பியைச் சிதைக்கும் பிசிஎஸ்கே9 புரதம் அளவுக்கு மீறி வேலை செய்தாலும் இதே நோய்தான். அப்போபி பழுது இரண்டு பிரதியிலும் வந்தால்கூட, ஏற்பியே இல்லாத குழந்தையின் அளவுக்குப் பெரும்பாலும் மோசமாவதில்லை.

இந்த அளவுகள் உடம்பில் என்ன செய்கின்றன என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. எல்டிஎல் அளவை வயதால் பெருக்குங்கள். 100 உள்ளவர் 60 வயதில் 6000 சுமந்திருப்பார். 250 உள்ளவர் அதே சுமையை 24 வயதில் எட்டுவார். 600 உள்ள குழந்தை 10 வயதில் எட்டிவிடும். ரத்தக்குழாய்க்கு இவ்வளவு எளிமையான கணக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனாலும் ஒரு பத்து வயதுக் குழந்தைக்கு அறுபது வயது ரத்தக்குழாய் எப்படி வந்தது என்று கேட்கும் பெற்றோருக்கு என்னால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடிந்ததில்லை.

என் மகளுக்கு 7 வயது. முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சளாகக் கட்டிகள். மரு என்று ஒரு தடவை வெட்டியும் எடுத்தார்கள், திரும்ப வந்துவிட்டது. இப்போது எல்டிஎல் 560. எங்கள் இருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, எங்களையும் ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்?

பத்து வயதுக்குள் மஞ்சள் கட்டிகள், அதோடு 500-ஐத் தாண்டிய எல்டிஎல் என்றால் இரண்டு பிரதியும் பழுதாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். மகளின் கைவிரல்களை விரித்து விரலிடுக்கைப் பாருங்கள். அங்கே மஞ்சளாகப் படர்ந்திருந்தால் ஏறக்குறைய உறுதி. அந்த இடத்தில் வேறு நோய்களில் இப்படி வருவது மிக அரிது. கட்டியை வெட்ட வேண்டாம். எல்டிஎல் இறங்கினால் அது தானாகவே சுருங்கும், இறங்காவிட்டால் எத்தனை முறை வெட்டினாலும் வரும்.

இரண்டு பழுதான பிரதிகளில் ஒன்று உங்களிடமிருந்தும் மற்றது உங்கள் மனைவியிடமிருந்தும் வந்தவை. அப்படியென்றால் உங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதி இருக்கிறது. இதில் பாதி வாய்ப்பு, கால் வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் இருவரின் எல்டிஎல்லும் 200-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். தொந்தரவு இல்லை என்பது உங்கள் வயதில் இயல்பு. நெஞ்சு வலிக்கும்போது ரத்தக்குழாயில் வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

ஒருவேளை உங்களில் ஒருவருடைய எல்டிஎல் முற்றிலும் இயல்பாக வந்தால் கதை வேறு. அப்போது ஒடுங்குத்தன்மையில் வரும் அரிய வகைகளை மருத்துவர் தேட வேண்டும். ஆகவே பெற்றோரின் ரத்தப் பரிசோதனை குழந்தையின் நோயைக் கண்டறிவதிலும் ஒரு பகுதி.

மகளுக்கு இப்போதே எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு மகாதமனியின் வால்விலும் அதற்குச் சற்று மேலேயும் கொலஸ்ட்ரால் படிந்து வழி குறுகுகிறது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்பைச் சிலர் பிறவிக் கோளாறு என்று தவறாக எழுதிவிடுகிறார்கள்.

நான் அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கட்டியதால்தான் மகளுக்கு இது வந்ததா?

பழுது கல்யாணத்தால் உண்டாகவில்லை. அது உங்கள் குடும்பத்தில் பல தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரு குழந்தையிடம் சேரும் வாய்ப்பைத்தான் உறவு கூட்டியது.

கணக்கை நேராகவே சொல்கிறேன். உங்களிடம் பழுதான பிரதி ஒன்று இருக்கிறது. வெளியே பெண் எடுத்திருந்தால் அவரிடமும் இருக்க வாய்ப்பு 250-இல் ஒன்று. அத்தை மகளோ மாமன் மகளோ என்றால் 8-இல் ஒன்று. அக்கா மகள் என்றால் 4-இல் ஒன்று: அக்காவிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, அது அவர் மகளுக்குப் போகப் பாதி வாய்ப்பு. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பழுதும் சேர்வதற்குக் கால் வாய்ப்பு. பெருக்கினால் வெளியே கட்டியிருந்தால் 1000-இல் ஒன்று, அத்தை மகள் என்றால் 32-இல் ஒன்று, அக்கா மகள் என்றால் 16-இல் ஒன்று.

உங்கள் அம்மாவோ அக்காவோ இதைக் கேட்டுக் குற்ற உணர்ச்சியில் உடைந்துபோகக் கூடாது என்பது எனக்கு முக்கியம். கல்யாணம் பேசியபோது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. உங்கள் அக்காவையே உடனடியாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் இப்போது அவரிடம் பேச வேண்டியது.

ஏன் அக்காவை உடனடியாக? குடும்பத்தில் வேறு யாரையெல்லாம் பார்க்க வேண்டும்?

உங்கள் குடும்பத்தைப் போன்ற அமைப்புள்ள ஒரு குடும்பத்தை வைத்து வரிசையாகப் போகலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

குழந்தையின் மரபணுச் சோதனையில் இரண்டு பிரதியிலும் ஒரே பழுது. அப்பாவுக்கு 36 வயது, எல்டிஎல் 232. அம்மாவுக்கு 27 வயது, 214. அம்மாவுக்கு அந்தப் பழுது யாரிடமிருந்து வந்தது? கணவரிடம் இருப்பதே இவரிடமும் இருக்கிறது என்பதால், இருவருக்கும் பொதுவான ரத்தம் எந்த வழியில் வருகிறதோ அந்த வழியில்தான். அது அம்மாவின் தாய், அதாவது கணவரின் அக்கா. அவருக்குச் சோதனை செய்யும் முன்பே விடை ஏறக்குறைய தெரிந்துவிட்டது. அக்காவின் கணவர் பக்கத்துச் சொந்தங்களைத் தேட வேண்டியதில்லை. குழந்தையின் இரண்டு பிரதிகளிலும் வெவ்வேறு பழுது வந்திருந்தால் மட்டும் அந்தப் பக்கமும் போக வேண்டியிருக்கும்.

அக்காவுக்கு 50 வயது. ரிப்போர்ட்டில் எல்டிஎல் 128. எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விடும் இடம் இது, ஏமாறும் இடமும் இதுதான். அவர் சர்க்கரை நோய்க்காக மூன்று வருடமாக அட்டார்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை 20 மில்லிகிராம் சாப்பிடுகிறார். அந்த அளவு மருந்து எல்டிஎல்லைச் சுமார் 40 முதல் 45 சதவீதம் இறக்கும். 128-ஐ 0.57-ஆல் வகுத்தால் மருந்து இல்லாதபோது 225-ஐ ஒட்டி இருந்திருக்கும் என்று தெரிகிறது. எந்த உறவினரின் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதாகவே இருக்கட்டும். மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டாம், பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள்.

அக்காவின் மகன், அதாவது குழந்தையின் தாய்மாமன், 24 வயது. பாதி வாய்ப்பு. எல்டிஎல் 221, பழுது உண்டு. குழந்தையின் அண்ணனுக்கு 10 வயது. அவனுக்கும் இரண்டு பழுது சேரக் கால் வாய்ப்பு, ஒன்று வரப் பாதி வாய்ப்பு, எதுவுமே வராமல் இருக்கக் கால் வாய்ப்பு. அவனுடைய எல்டிஎல் 96. பெற்றோர் இருவரிடமிருந்தும் நல்ல பிரதியே வந்திருக்கிறது.

அப்பாவின் தம்பிக்கு 33 வயது, எல்டிஎல் 152. இது இரண்டும் கெட்டான் எண். இயல்பானவர்களிலும் இந்த அளவு உண்டு, பழுதுள்ளவர்களிலும் சிலருக்கு உண்டு. குழந்தையிடம் கண்டுபிடித்த அதே பழுதை மட்டும் அவருடைய ரத்தத்தில் தேடினார்கள், இல்லை. அவருடைய பிள்ளைகளை இந்தக் காரணத்துக்காகப் பரிசோதிக்க வேண்டியதில்லை. தங்கைக்கு 30 வயது, ஏழு மாதக் கர்ப்பம், எல்டிஎல் 262. கர்ப்பத்தில் யாருக்கும் கொலஸ்ட்ரால் ஏறும் என்பதால் இந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மரபணு கர்ப்பத்தில் மாறாது, அதில் பழுது தெரிந்தது. அவருடைய 5 வயது மகனுக்கு எல்டிஎல் 168. பெரியவருக்கு இந்த எண்ணைச் சாதாரணமாக விட்டுவிடுவோம். பெற்றோரில் ஒருவருக்குப் பழுது உறுதியான குழந்தைக்கு 130-ஐத் தாண்டினாலே நோய் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சோதித்தார்கள், அவனுக்கும் இருந்தது.

இனி மேல் தலைமுறை. குழந்தையின் அப்பாவைப் பெற்ற தாத்தா 49 வயதில் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தவர். பாட்டிக்கு 70 வயது, மருந்து எதுவும் இல்லாமல் எல்டிஎல் 112. பழுது தாத்தா வழியில் வந்தது என்பது இந்த ஒரு எண்ணால் தெளிவாகிறது. பாட்டியின் பிறந்த வீட்டாரை விட்டுவிட்டு, தாத்தாவின் உடன்பிறந்தவர்களையும், இறந்துபோனவர்களின் பிள்ளைகளையும் தேடிப் போகலாம். குழந்தையைத் தவிர ஒன்பது பேரைப் பார்த்ததில் ஆறு பேருக்கு ஒரு பிரதி பழுது. ஒருவருக்குக் கிடைத்ததும் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்று அடுத்த வட்டத்துக்குப் போவதும், கிடைக்காதவரிடம் அந்தக் கிளையை நிறுத்திக்கொள்வதும்தான் தொடர் பரிசோதனை என்பது.

இப்படி ஒரு நாட்டிலாவது முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்களா?

நெதர்லாந்தில் 1994-இல் தொடங்கினார்கள். பழுது உறுதியான நோயாளியின் சம்மதத்தோடு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் உறவினர்களின் வீட்டுக்கே போய்க் குடும்ப மரம் வரைந்து ரத்தம் எடுத்தார்கள். முதல் ஐந்து ஆண்டில் 237 நோயாளிகளில் தொடங்கி 5,442 உறவினர்களைப் பார்த்ததில் 2,039 பேருக்குப் பழுது தெரிந்தது. ஒரு நோயாளியிலிருந்து எட்டுப் பேருக்கு மேல். நெருங்கிய உறவில் பாதிப் பேருக்கு இருக்க வேண்டிய இடத்தில் 37 சதவீதம்தான் வந்ததற்குக் காரணம், தூரத்து உறவினர்களையும் சேர்த்துப் பார்த்தது. என்னை மிகவும் பாதித்த எண் வேறு. கண்டறிந்தபோது அந்தப் பெரியவர்களில் 39 சதவீதம் பேர்தான் ஏதோ ஒரு கொலஸ்ட்ரால் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து அது 93 சதவீதம்.

குழந்தைகளாக இருந்தபோது ஸ்டாட்டின் தொடங்கியவர்களை 20 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வும் அந்த நாட்டிலிருந்தே 2019-இல் வந்தது. 39 வயதுக்குள் இதய நோய் வந்தவர்கள் பிள்ளைகளில் 1 சதவீதம். அதே பழுதைச் சுமந்த அவர்களுடைய பெற்றோரில், அதே 39 வயதுக்குள், 26 சதவீதம்.

எனக்கு ஸ்டாட்டின் நன்றாக வேலை செய்கிறது, 230-லிருந்து 115 ஆகிவிட்டது. அண்ணன் மகளுக்கு அதே மருந்து கொடுத்தும் 580-லிருந்து 500-தான். ஏன்?

ஸ்டாட்டின் கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. உள்ளே பற்றாக்குறை வந்ததும் செல் அதிக ஏற்பிகளைத் தயாரித்து வெளியிலிருந்து எல்டிஎல்லை இழுக்கிறது. உங்களிடம் நல்ல பிரதி ஒன்று இருக்கிறது, அது கூடுதலாக உழைக்கிறது. குழந்தையிடம் உழைக்க நல்ல பிரதியே இல்லை. பிசிஎஸ்கே9-ஐத் தடுக்கும் ஊசிகளும் இருக்கும் ஏற்பியைச் சிதையாமல் காப்பவைதான். ஏற்பியே உருவாகாத குழந்தைக்கு அவற்றால் ஏறக்குறைய பயனில்லை. கொஞ்சம் வேலை செய்யும் ஏற்பி இருந்தால் ஓரளவு பயன் உண்டு. குழந்தையின் பழுது எந்த வகை என்று மரபணு ரிப்போர்ட்டில் பார்ப்பதற்கு இதுவும் காரணம்.

அதனால் ஏற்பியை நம்பாத வழிகள் தேவைப்படுகின்றன. ஒன்று, வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை ரத்தத்தை இயந்திரத்தில் செலுத்தி எல்டிஎல்லைப் பிரித்தெடுப்பது. டயாலிசிஸ் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். லோமிட்டாபைட் என்ற மருந்து விஎல்டிஎல் உருவாவதையே குறைக்கிறது, ஈரலில் கொழுப்புச் சேர்வதைக் கண்காணித்தபடி கொடுக்க வேண்டும். எவினாகுமாப் ஊசி ஏற்பி இல்லாதவர்களுக்கும் எல்டிஎல்லை ஏறக்குறைய பாதியாக்குகிறது. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, விலை மிக அதிகம். கடைசி வழி கல்லீரல் மாற்று. 1984-இல் பிட்ஸ்பர்கில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயமும் கல்லீரலும் சேர்த்து மாற்றினார்கள். புதிய கல்லீரலில் ஏற்பிகள் இருந்தன, கொலஸ்ட்ரால் பெருமளவு இறங்கியது. ஏற்பிகள் முக்கியமாக வேலை செய்யும் இடம் கல்லீரல்தான் என்பதை அது மனித உடம்பிலேயே காட்டியது.

பழைய மருந்துகளை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஸ்டாட்டினும் எஸெட்டிமைபும் கொடுக்கும் சிறிய இறக்கம்கூட இந்தக் குழந்தைகளுக்கு ஆண்டுகளைக் கூட்டுகிறது.

மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அப்படியென்றால் எனக்கு இந்த நோய் இல்லைதானே?

குடும்பத்தில் முதலில் சோதிக்கப்பட்டவர் நீங்களா என்பதைப் பொறுத்தது. முதல் ஆள் என்றால் அந்த ரிப்போர்ட் உங்களை விடுவிக்காது. தெரிந்த மரபணுக்களில் தெரிந்த வகைப் பழுதைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எல்டிஎல் 240 அப்படியே இருக்கிறது, சிகிச்சையும் அப்படியே. உறவினர்களையும் எல்டிஎல் அளவை வைத்துப் பார்க்கலாம்.

உங்கள் அண்ணனிடம் ஒரு பழுது ஏற்கனவே உறுதியாகி, அதைக் குறிவைத்து உங்களிடம் தேடி, இல்லை என்று வந்திருந்தால் அந்தப் பழுது உங்களிடம் இல்லை என்று நம்பலாம். ஒரே வாசகம் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது. ரிப்போர்ட்டை வாங்கும்போது எதைத் தேடினார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

குழந்தைக்கு எந்த வயதில் பார்க்க வேண்டும்?

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 5 வயதிலிருந்து பார்க்கலாம். இருவருக்கும் இருந்தாலோ, தோலில் மஞ்சள் கட்டி தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம், 2 வயதிலேயே பாருங்கள். ஒரு பிரதி பழுதான பிள்ளைகளுக்கு ஸ்டாட்டின் பொதுவாக 8 முதல் 10 வயதில் தொடங்குகிறார்கள்.

அண்ணனிடம் சொன்னால், "எனக்கு நோய் கட்டிவிடப் பார்க்கிறாயா" என்று கோபப்படுகிறார். எப்படிச் சொல்வது?

போனில் சொன்னால் வாக்குவாதம் ஆகிறது. காகிதத்தில் கொடுத்தால் அவர் தனியாக இருக்கும்போது எடுத்துப் படிப்பார். நான் குடும்பங்களுக்கு எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அண்ணா, எனக்குப் பிறவியிலேயே கொலஸ்ட்ரால் கூடும் குறை இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் அப்பாவோ அம்மாவோ கொடுத்தது, அதனால் உனக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு, இல்லாமல் இருக்கவும் பாதி வாய்ப்பு. லிப்பிட் பரிசோதனை ஒன்று போதும். எல்டிஎல் 160-க்கு மேல் வந்தால் இந்தக் கடிதத்தையும் என் ரிப்போர்ட்டையும் உன் டாக்டரிடம் காட்டு. மாத்திரை இருக்கிறது."

அதோடு உங்கள் மரபணு ரிப்போர்ட்டின் நகலையும் இணையுங்கள். பழுதின் பெயர் அதில் இருப்பதால் அவருக்கு அந்த ஒரே இடத்தைத் தேடினால் போதும், செலவும் குறையும். அண்ணி வழியாகப் போவது பல வீடுகளில் பலன் தந்திருக்கிறது, பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் இன்னும் அதிகம். அவர் மறுத்தால் அது அவர் உரிமை. பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்றால் அவர்களிடம் நேராகச் சொல்லலாமா என்று உங்கள் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

மகளுக்கு ஒரு பிரதி பழுது இருக்கிறது, மருந்தில் எல்டிஎல் 105. வரன் பார்க்கிறோம். இதை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

சொல்வதா, எப்போது சொல்வது என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் உங்கள் மகள். மருத்துவமாக நான் கேட்பது ஒன்றுதான்: மாப்பிள்ளையின் எல்டிஎல்லும் ஒருமுறை தெரிய வேண்டும். ரத்தப் பிரிவு கேட்பதுபோல இதையும் இரு வீட்டாரும் பரிமாறிக்கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் மாப்பிள்ளைக்கு மருந்து இல்லாமல் 110 என்றால், இரண்டு பிரதியும் பழுதான பேரக்குழந்தையைப் பற்றி நீங்கள் கவலைப்பட அநேகமாகக் காரணமில்லை. ஒரு பிரதி பழுதாக வர ஒவ்வொரு குழந்தைக்கும் பாதி வாய்ப்பு இருக்கும், அதை 5 வயதில் பார்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை உறவுக்குள் என்றால் எல்டிஎல்லோடு நிறுத்தாமல் உங்கள் குடும்பத்துப் பழுதையும் அவரிடம் தேடச் சொல்லுங்கள். அவரிடமும் இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. மகளின் மருந்துகளை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.